ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லுக்கு சீலண்ட்: யாருக்குத் தேவை, எவ்வளவு நாள் தாங்கும்?

ஆறு வயதை ஒட்டி குழந்தையின் வாயில் நான்கு புதிய பற்கள் வருகின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. முன்பல் ஆடினால் தெருவையே கூட்டும் பிள்ளைகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. என் மகளுக்கு ஆறரை வயதில் பால் பல் சொத்தையை அடைக்கப் போனபோது டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். பலரும் அதையும் விழுந்து முளைக்கும் பால் பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான்.

இந்தப் பல்லின் சிக்கல் அதன் மேற்பரப்பில் இருக்கிறது. மெல்லும் பரப்பில் ஓடும் பள்ளங்கள் சில பிள்ளைகளுக்கு அகலமாக, மேலோட்டமாக இருக்கும். சிலருக்குக் கத்தியால் கீறியது போல ஒடுங்கி, ஆழமாக இறங்கும். அந்த ஆழத்துக்குள் பிரஷ்ஷின் ஒரு முடிகூட நுழையாது. மாவும் சர்க்கரையும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நாம் மேலே எவ்வளவு தேய்த்தாலும் வெளியே வராது. பள்ளிக்கூட வயதில் நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் மிகப் பெரும் பகுதி இந்தப் பள்ளங்களில்தான் தொடங்குகிறது. சொத்தை வருமுன்பே அந்தப் பள்ளத்தில் ஒரு மெல்லிய பிசினை ஓடவிட்டு, இறுக வைத்து மூடிவிடுவதுதான் சீலண்ட். ஊசி கிடையாது, பல்லைக் குடைவதும் கிடையாது.

எல்லாப் பிள்ளைக்கும் போட வேண்டுமா என்று நான் கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை, எங்களிடம் கேள்விகள் கேட்டார். பால் பற்களில் எத்தனை சொத்தை? சாப்பாட்டு வேளைக்கு நடுவில் என்ன தின்கிறாள்? ராத்திரி பால் குடித்துவிட்டு அப்படியே தூங்குகிறாளா? பல் தேய்த்துவிடுவது யார், அவளே தேய்த்துக்கொள்கிறாளா? பிறகு பல்லைக் காற்றடித்துக் காயவைத்து, வெளிச்சத்தில் பள்ளங்களைப் பார்த்தார். என் மகளுக்குப் பால் கடைவாய்ப் பற்கள் இரண்டில் ஏற்கெனவே சொத்தை. பள்ளங்களும் ஆழம். "பால் பல்லுல சொத்தை வந்த பிள்ளைக்கு இந்தப் பல்லுலயும் வர வாய்ப்பு அதிகம். அதே வாய், அதே பழக்கம்தானே? இவளுக்குக் கட்டாயம் போடணும்" என்றார்.

அதே வாரம் அதே டாக்டரிடம் என் அண்ணன் மகனையும் காட்டினோம். அவனுக்கு வயது ஏழு. பால் பல்லில் ஒரு சொத்தைகூட இல்லை, பள்ளங்கள் மேலோட்டம், காலையும் ராத்திரியும் அண்ணிதான் உட்கார்ந்து தேய்த்துவிடுகிறார். அவனுக்கு இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்று அனுப்பிவிட்டார். அண்ணிக்கு அதில் கொஞ்சம் மனக்குறை, தன் பிள்ளையை ஏதோ ஒதுக்கிவிட்டது போல. ஆனால் கணக்கு இதுதான்: சொத்தை வர வாய்ப்புக் குறைவான பல்லை மூடினால் கிடைக்கும் லாபமும் குறைவு. சொத்தை ஏற்கெனவே வந்த பிள்ளைகள், பள்ளம் ஆழமான பிள்ளைகள், தானாகப் பல் தேய்க்க முடியாத சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் இதில் பெரிய பலன். இன்னொரு வகையும் உண்டு. சில பிள்ளைகளுக்கு இந்தக் கடைவாய்ப் பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு வெள்ளையாகவோ, மஞ்சள் பழுப்புத் திட்டுகளோடோ வரும். பல்லின் மேல் உறையான எனாமல் சரியாக உருவாகாத பல் அது, சீக்கிரம் பொடிந்து உதிரும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். அப்படித் திட்டு தெரிந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டிவிடுங்கள்.

அடுத்து எப்போது போடுவது என்ற விஷயம். இதில்தான் பாதி வெற்றி தோல்வி இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

கடைவாய்ப் பல் ஒரே நாளில் முளைத்துவிடுவதில்லை. முதலில் முன்பக்க முனைகள் எட்டிப் பார்க்கும், பின்பாதியை ஈறு மூடியிருக்கும். முழுதாக மேலே வந்து எதிர்ப் பல்லைத் தொட ஒரு வருடம்கூட ஆகும். ஆபத்து அதிகமான காலம் இதுதான். பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்ந்து இருப்பதால் பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். எதிர்ப் பல்லும் வந்து உரசாததால் மேலே படிந்த அழுக்கு அப்படியே கிடக்கும். ஆனால் சீலண்ட் ஒட்ட பல் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பாதி ஈறு மூடிய பல்லை அப்படிக் காயவைப்பது நடக்காத காரியம், ஈற்றுக்கு அடியிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் போட்டால் ஒட்டாது, தாமதித்தால் சொத்தை முந்திக்கொள்ளும்.

என் மகளின் மேல் பற்கள் இரண்டும், கீழ் இடதும் முழுதாக வந்திருந்தன. கீழ் வலதின் பின்பகுதியில் மட்டும் ஈறு மடிந்து கிடந்தது. அதனால் மூன்று பற்களுக்குப் பிசின் வகை சீலண்ட், அந்த ஒன்றுக்கு மட்டும் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்ட் என்று முடிவானது. கிளாஸ் அயனோமர் கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடையும் மெதுவாக வெளிவிடும். ஆனால் பிசின் அளவுக்கு நிற்காது. "இது தற்காலிகக் காவல்தான். பல் முழுசா மேல வந்ததும் பிசின் போட்டுடலாம். இது நடுவுல விழுந்துட்டா பதற வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த இடைக்காலத்துக்கு ஒரு தேய்ப்பு முறையும் காட்டிக்கொடுத்தார். வழக்கம்போல முன்னும் பின்னும் தேய்க்காமல், கன்னத்துப் பக்கமிருந்து பிரஷ்ஷைக் குறுக்காக நுழைத்து, அந்த ஒரு பல்லின் தலையில் மட்டும் தனியாகச் சில முறை தேய்க்க வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளைக்குக் கை எட்டாது.

போடும்போது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் சிறு சுழல் பிரஷ்ஷால் பல்லைச் சுத்தம் செய்தார்கள். பிறகு கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பஞ்சுச் சுருள், நாக்குப் பக்கம் எச்சில் உறிஞ்சும் குழாய். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே கன்னத்தின் உட்புறத்தில் எச்சில் சுரக்கும் ஒரு துவாரம் இருக்கிறதாம், அதனால் அங்கே தனியாக ஒரு பஞ்சுப் பட்டையை வைத்து அடைத்தார்கள். அடுத்து பள்ளத்தின் மேல் நீல நிற ஜெல். அது பாஸ்பாரிக் அமிலம். அரை நிமிடத்துக்குள் கழுவி, காற்றடித்துக் காயவைத்தபோது பளபளப்பாக இருந்த பல், ஜெல் பட்ட இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல மங்கிய வெள்ளையாக மாறியிருந்தது. அந்த வெள்ளைதான் அடையாளம். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுந்திருக்கின்றன, பிசின் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

மேல் இடது பல்லில் அந்த வெள்ளை வந்த பிறகு என் மகள் நாக்கை நீட்டிவிட்டாள். எச்சில் பட்டது ஒரு நொடிதான். டாக்டர் பிசினை எடுக்கவில்லை. பஞ்சை மாற்றி, ஜெல்லை மறுபடி வைத்து, கழுவி, காயவைத்து, வெள்ளை திரும்ப வந்த பிறகுதான் தொடர்ந்தார். நுண்துளைகளுக்குள் எச்சிலின் புரதம் படிந்துவிட்டால் பிசினுக்கு இடம் இருக்காது, துடைத்துவிட்டு மேலே போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், சில மாதங்களில் பெயர்ந்துவிடும். சீலண்ட் சீக்கிரம் விழுவதற்கு முதல் காரணம் இந்த ஈரம்தான், பிள்ளை முறுக்கு கடித்ததல்ல. ஒருவர் போட, இன்னொருவர் குழாயும் பஞ்சும் பிடிக்க ஆள் இருக்கும் இடத்தில் போடுவது நல்லது என்பதற்கும் இதுதான் காரணம். உதவிக்கு ஆள் இருந்தால் சீலண்ட் அதிகம் நிலைக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. தனி ஆளாக ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் பிசினுமாக, ஏழு வயதுப் பிள்ளையின் நாக்கோடு மல்லுக்கட்டுவது யாருக்கும் சுலபமில்லை.

பிசின் ஓடியதும் நீல வெளிச்சம், பத்து இருபது விநாடி. கெட்டியான பிறகு கூர்முனைக் கருவியால் ஓரங்களை நெம்பிப் பார்த்தார். வருகிறதா என்று அங்கேயே சோதிப்பது முக்கியம். வந்தால் அப்போதே திரும்பப் போடலாம். இன்னொன்றையும் கவனித்தேன். மெல்லும் பரப்போடு அவர் நிறுத்தவில்லை. கீழ்ப் பல்லில் கன்னத்துப் பக்கம் ஒரு சிறு குழி, மேல் பல்லில் அண்ணத்துப் பக்கம் இறங்கும் ஒரு பள்ளம், இரண்டையும் சேர்த்து மூடினார். இவை விட்டுப்போனால் மேலே பூட்டுப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "ஏம்மா, பிள்ளை பல்லுல ஆசிட் ஊத்தினாங்களாமே?" மகள் அப்படித்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை. 1955-ல் அமெரிக்காவில் புவோனோகோர் என்ற பல் ஆராய்ச்சியாளர் எனாமலை அமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் ஒட்டும் என்று காட்டியதிலிருந்து இதே வழிதான். பல் நிற ஃபில்லிங் போடும்போதும் இதையே செய்கிறார்கள். வெள்ளையாகி பிசின் மூடாமல் விட்டுப்போன இடமும் எச்சிலில் உள்ள தாதுக்களால் தானாகச் சரியாகிவிடும். பிளாஸ்டிக்கில் உள்ள பிபிஏ என்ற வேதிப்பொருள் பற்றித்தான் என் கணவருக்குச் சந்தேகம். போட்ட சில மணி நேரம் எச்சிலில் மிகச் சிறு அளவில் தென்படலாம், தொடர்ந்து கசிவதில்லை. இறுகாத மேல் படலத்தைப் பஞ்சால் துடைத்து, வாய் கொப்புளிக்க வைத்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். எங்களுக்கு அங்கேயே கொப்புளிக்கச் சொன்னார்கள்.

முதல் நாள் கடிக்கும்போது "உயரமா இருக்கும்மா" என்றாள். மெல்லிய பிசினாக இருந்தால் சில நாளில் தேய்ந்து சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள், அப்படியே ஆனது. ஒரு வாரம் தாண்டியும் உறுத்தினால் போய்க் காட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எவ்வளவு நாள் தாங்கும்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு: சீலண்ட் முதல் 2 வருடங்களுக்கு கடைவாய்ப் பல் சொத்தையில் 80 சதவீதத்தைத் தடுக்கிறது, 4 வருடங்கள் வரை 50 சதவீதத்தை. இதை மட்டும் கேட்டால் 4 வருடத்துக்கு மேல் பயனில்லை என்று தோன்றும். ஆனால் 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு முறை போட்டு அப்புறம் சரிசெய்யாமல் விட்ட பற்களை 15 வருடம் கழித்துப் பார்த்தார்கள். நூறில் சுமார் 28 பற்களில் சீலண்ட் முழுதாக இருந்தது, 35 பற்களில் ஒரு பகுதி மட்டும் இருந்தது. ஆக, நன்றாக ஒட்டிய சீலண்ட் பிள்ளை காலேஜ் போகும்வரைகூட நிற்கலாம். ஒட்டாதது ஆறு மாதத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறாம் மாதப் பரிசோதனையை மட்டும் எதற்காகவும் தள்ளிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எங்கள் ஆறாம் மாதம் இப்படி இருந்தது. கீழ் வலதில் இருந்த கிளாஸ் அயனோமர் முக்கால்வாசி போயிருந்தது. ஈறும் விலகிப் பல் முழுதாக வந்திருந்ததால் அன்றைக்கே பிசின் போட்டாயிற்று. மேல் இடதில், அந்த நாக்குப் பட்ட பல்லில், மெல்லும் பரப்பு கெட்டியாக இருந்தது. ஆனால் அண்ணத்துப் பக்கப் பள்ளத்தை மூடிய பகுதி உதிர்ந்திருந்தது. மேல் பல்லில் அந்த இடம்தான் அடிக்கடி விடும் என்றார் டாக்டர். விட்ட இடத்தில் மட்டும் சேர்த்துப் போட்டார், பழையதைத் தோண்டி எடுக்கவில்லை. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. பாதி விழுந்த சீலண்டுக்கு அடியில் அழுக்கு சேர்ந்து இன்னும் மோசமாகிவிடாதா என்ற பயம் எனக்கு இருந்தது. சீலண்ட் முழுதாகவோ பாதியோ விழுந்த பல்லுக்கு, போடாமலே இருந்த பல்லைவிட ஆபத்து கூடுவதில்லை என்று பார்த்திருக்கிறார்கள். பாதுகாப்புத்தான் போய்விடும், கூடுதல் கெடுதல் வராது.

வீட்டில் பார்ப்பதற்கு ஒரு யோசனை. சீலண்ட் கண்ணாடி போலவும் கிடைக்கிறது, பால் வெள்ளையாகவும் கிடைக்கிறது. வெள்ளையைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி நிறத்தில் இருந்தால் இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியவே தெரியாது. போட்ட அன்றைக்கே போன் டார்ச்சில் நான்கு பல்லையும் படம் எடுத்து வைத்தேன். மாதத்துக்கு ஒரு முறை, பல் தேய்த்த பிறகு ஒரு சுத்தமான துணியால் பல்லைத் துடைத்துவிட்டு இன்னொரு படம். வெள்ளைக் கோடு எங்கேயாவது அறுந்து பழைய பழுப்புப் பள்ளம் தெரிந்தால் அங்கே உதிர்ந்திருக்கிறது. சீலண்டின் ஓரத்தை ஒட்டிக் கறுப்புக் கோடு ஓடினாலோ, அடியிலிருந்து சாம்பல் நிழல் தெரிந்தாலோ காத்திருக்காமல் போய்விட வேண்டும், உள்ளே கசிவு இருக்கலாம். "நாக்குல சொரசொரன்னு இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதையும் தட்டிக்கழிக்காதீர்கள். பெரும்பாலும் ஓரம் ஒன்று பெயர்ந்திருக்கும்.

சீலண்ட் செய்யாத வேலை ஒன்று உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் சொத்தையை இது தடுக்காது. பிசின் போய்ச் சேர்வது பள்ளத்துக்குத்தான். என் மகளின் பால் பல் சொத்தைகளில் ஒன்றே அந்த இடுக்கில் வந்ததுதான். அதற்கு ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டும் நடு நடுவே தின்பதைக் குறைப்பதும்தான் வழி. பள்ளிவிட்டு வந்ததும் பிஸ்கட், டியூஷனில் ஒரு மிட்டாய், ராத்திரி சர்க்கரை போட்ட பால் என்று இருந்ததை, பாலைக் குடித்த பிறகுதான் பல் தேய்ப்பது என்று மாற்றினோம். மிட்டாயை நிறுத்த முடியவில்லை, சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னச் சொல்லியிருக்கிறோம்.

நாற்காலியில் உட்காரவே அலறும் பிள்ளைக்கு இன்னொரு வழி, ஃபுளோரைடு வார்னிஷ். பல்லில் பூசிவிடுவது, ஈரம் பற்றி அவ்வளவு கவலையில்லை. பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 3 வருடம் பார்த்ததில் முதல் கடைவாய்ப் பல்லில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வார்னிஷை ஆறு மாதத்துக்கு ஒரு முறை விடாமல் பூச வேண்டும். எங்கள் வீட்டு லட்சணத்துக்கு அது ஒத்துவராது, இரண்டாவது தவணையிலேயே ஏதாவது கல்யாணமோ பரீட்சையோ குறுக்கே வரும்.

செலவு இடத்துக்கு இடம் மாறும். எங்களிடம் ஒரு பல்லுக்கு 800 ரூபாய் வாங்கினார்கள். உதிர்ந்தால் ஒரு வருடத்துக்குள் இலவசமாகத் திருத்தித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று. கையைக் கடிக்கும் என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கூட்டம் இருக்கும், பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்துக் காலையிலேயே போய்விடுவது உத்தமம்.

அண்ணன் மகனை ஒரு வருடம் கழித்துத் திரும்பக் காட்டினோம். கீழ் இடது பல்லின் பள்ளத்தில் மட்டும் ஓரமாகச் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு மங்கல். குழி விழவில்லை, தொடக்கம்தான். அந்த நிலையில் குடைந்து அடைக்க வேண்டியதில்லை, மேலேயே சீலண்ட் போட்டு மூடினால் உள்ளே இருக்கும் கிருமிக்குத் தீனி கிடைக்காமல் சொத்தை நின்றுவிடும் என்று அந்த ஒன்றுக்கு மட்டும் போட்டார்கள். மற்ற மூன்றும் இன்னும் திறந்தபடிதான் இருக்கின்றன, அண்ணிக்கும் இப்போது குறையில்லை. பன்னிரண்டு வயதை ஒட்டி இரண்டு பேருக்கும் அடுத்த நான்கு கடைவாய்ப் பற்கள் இவற்றுக்குப் பின்னால் வரும். அதே ஈற்று மடிப்பு, அதே ஈரம், அதே ஒரு வருட இடைவெளி. அந்த வயதில் பிள்ளை வாயைத் திறந்து காட்டவே மாட்டாள் என்பதால், பதினொன்று முடிந்ததும் காட்ட வேண்டும் என்று இப்போதே போன் காலண்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.